ஊர்ப் பெண்களுக்கு மார்பகச் சுயபரிசோதனை சொல்லிக்கொடுப்பது: வன்னிக் கிராமத்தில் ஒரு கூட்டம் நடத்தும் முழுமையான வழிகாட்டி

மாதர் சங்கத் தலைவி, முன்பள்ளி ஆசிரியை, சுகாதாரத் தொண்டர் என்று ஊரில் இப்படியொரு கூட்டத்தை முன்னின்று நடத்தப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் விரல் வைக்கும் முறையை நன்றாகவே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். இடறுவது வேறு இடத்தில். கூட்டம் முடிந்து ஒரு பெண் கிட்ட வந்து, “பிள்ளை, எனக்கு இங்க ஒண்டு தட்டுப்படுது, நான் எங்க போறது?” என்று கேட்கும்போது கையில் பதில் இருக்காது. அதனால் இங்கே படிகளின் ஒழுங்கு கொஞ்சம் தலைகீழாக இருக்கும். ஆஸ்பத்திரி வழி முதலில், விரல் பிறகு.

1. முதலில் கிளினிக்கை உறுதிசெய்யுங்கள்

மண்டபம் கேட்கும் முன் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள். சுகவனிதையர் கிளினிக் எந்தக் கிழமையில், எங்கே, எத்தனை மணிக்கு நடக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 35, 45 வயதில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்குக் கூப்பிடுகிற கிளினிக் என்றுதான் பலர் அதை அறிந்திருக்கிறார்கள். மார்பகத்தையும் அங்கே பயிற்சி பெற்றவர்கள் கையால் பரிசோதிப்பார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

அங்கேயே இன்னும் மூன்று விஷயம் கேளுங்கள். கட்டியோடு வருகிறவர் கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டுமா, அல்லது நேரே வரலாமா? அவரை எந்த வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள்? ஸ்கானும், மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கிற மமோகிராமும் அதே வைத்தியசாலையில் எடுக்கலாமா, வேறிடம் போக வேண்டுமா? வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் என்று இடத்துக்கு இடம் பதில் மாறும். வசதிகளும் காலத்துக்குக் காலம் மாறும். போன வருடம் யாரோ சொன்னதை வைத்துக்கொண்டு பேசாதீர்கள்.

கூட்டத் திகதியை இந்த விடைகளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கிளினிக் புதன்கிழமை என்றால் கூட்டத்தை அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். பயம் வந்த பெண் மூன்று நாளில் போய்விடுவார். இரண்டு வாரம் இடைவெளி விழுந்தால் வயல் வேலை வரும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், அப்புறம் அது அப்படியே போய்விடும்.

உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். கர்ப்ப காலத்திலிருந்து ஊர்ப் பெண்களின் வீட்டுக்கு வந்துபோனவர் அவர். அவர் ஓர் ஓரத்தில் இருந்தாலே போதும், தனியே பேச விரும்புகிறவர்கள் அவரிடம் போவார்கள்.

2. நாள், நேரம், மண்டபம்

காலபோக அறுவடை நடக்கிற மாசி, பங்குனியில் கூட்டம் வைக்காதீர்கள். வந்தாலும் களைப்பில் இருப்பார்கள். கடன் கணக்குப் பேசுகிற சங்கக் கூட்டத்தின் வாலில் இதைச் சேர்ப்பதும் சரிவராது. கணக்கு எப்போதும் இழுபடும், கடைசியில் உங்களுக்குப் பதினைந்து நிமிடம்தான் மிஞ்சும். இதற்கென்று ஒன்றரை மணித்தியாலம் தனியாக வேண்டும்.

இருபது, இருபத்தைந்து பேருக்கு மேல் வேண்டாம். மாவால் செய்த மார்பக மாதிரியை ஒவ்வொருவரும் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஐம்பது பேர் வந்தால் பின்வரிசையில் இருப்பவர்கள் வெறும் பேச்சை மட்டும் கேட்டுவிட்டுப் போவார்கள்.

பொதுநோக்கு மண்டபங்களின் யன்னல் பலதும் கம்பி மட்டும் போட்டுத் திறந்தபடி இருக்கும். வீதியால் சைக்கிளில் போகிறவருக்கு உள்ளே நடப்பது தெரியும். இரண்டு பழைய சேலை, கொஞ்சம் கயிறு, சில சட்டைப் பின்கள் எடுத்துக்கொண்டு போய் யன்னலை மறையுங்கள். சேலை கட்டியதும் முன்வரிசைப் பெண்கள் கையைத் தூக்கிக் காட்டத் தொடங்குவார்கள். அதுவரை கையை மடியை விட்டு எடுக்கவே மாட்டார்கள். மண்டபத் திறப்பு வைத்திருக்கிற ஐயாவிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: திறந்துவிட்டு அவர் போய்விட வேண்டும், ஒலிபெருக்கி வேண்டாம்.

3. மாதிரி செய்வது

கடையில் விற்கிற சிலிக்கன் மாதிரி விலை கூட. வீட்டுச் சாமானிலேயே ஒன்று செய்யலாம்.

அரைக் கிலோ கோதுமை மாவில் தேங்காய் எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசையுங்கள். விரலால் அழுத்தினால் குழிய வேண்டும், ஒழுகக் கூடாது. தண்ணீர் விட வேண்டாம். தண்ணீர் விட்ட மா மறுநாளே புளித்து இறுகிவிடும். எண்ணெய் மா நம்முடைய வெக்கையில் மிருதுவாகவே இருக்கும்.

இதைத் தடித்த பொலித்தீன் பையில் போட்டு, ஏறத்தாழ இரண்டு அங்குலக் கனத்துக்குத் தட்டுங்கள். அடியில் ஒரு புளியங்கொட்டை, நடுவில் ஒரு கடலை, மேல்பரப்புக்குச் சற்றுக் கீழே ஒரு பயறு வையுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல் தள்ளித் தள்ளி இருக்கட்டும். பையைக் காற்றில்லாமல் கட்டி, மேலே மெல்லிய பருத்தித் துணி சுற்றித் தையுங்கள்.

மூன்று ஆழத்தில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மெல்லத் தடவினால் பயறு மட்டும் தட்டுப்படும். கொஞ்சம் அழுத்தினால் கடலை. நன்றாக அழுத்தினால்தான் புளியங்கொட்டை. ஒரே இடத்தில் மூன்று விதமாக அழுத்த வேண்டும் என்பதை வாயால் எவ்வளவு விளக்கினாலும் நிற்காது. புளியங்கொட்டையைத் தேடிக் கண்டுபிடித்த விரல் மறக்காது. இருபது பேருக்கு நான்கு பை செய்துகொள்ளுங்கள். ஒரு பையில் எதுவும் வைக்காதீர்கள். “ஒண்டும் இல்லை” என்று சொல்லத் துணிவதும் பயிற்சிதான்.

இவற்றோடு ஒரு பாய், ஒரு சின்னத் தலையணை, முகம் பார்க்கும் கண்ணாடி, கிளினிக் விபரம் எழுதிய சிறு துண்டுகள். வேறொன்றும் தேவையில்லை. புண்ணாகி வெடித்த மார்பகப் படங்களைக் கொண்டுபோகாதீர்கள். அதைப் பார்த்தவர் தன் சின்னக் கட்டி அப்படியில்லை என்று ஆறுதல்பட்டு இருந்துவிடுவார்.

4. பேச்சைத் தொடங்கும்போது எந்த அளவுக்கு வாக்குக் கொடுப்பது

“மாதம் ஒருமுறை தடவிப் பாருங்கள், புற்றுநோயால் சாக மாட்டீர்கள்” என்று சொல்லாதீர்கள். அது உண்மையல்ல.

சீனாவின் ஷங்காய் நகரில் துணி ஆலைகளில் வேலை செய்த ஏறத்தாழ 2,66,000 பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குச் சுயபரிசோதனையை நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள், மற்றப் பாதிக்கு இல்லை. 2002இல் முடிவு வெளியானபோது இரண்டு பக்கத்திலும் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்களின் அளவில் வித்தியாசம் இருக்கவில்லை. சொல்லிக்கொடுத்த பக்கத்தில் புற்று அல்லாத கட்டிகளில் துணுக்கு எடுத்துச் சோதிக்கிற பயொப்சிகள்தான் கூடியிருந்தன.

அப்படியென்றால் ஏன் சொல்லிக்கொடுக்க வேண்டும்? இலங்கையின் சுகாதாரத்துறை 20 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதாந்தச் சுயபரிசோதனையைச் சொல்வதோடு நிறுத்துவதில்லை. 20 முதல் 40 வயது வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறையும், 40க்கு மேல் வருடம் ஒருமுறையும் பயிற்சி பெற்றவரிடம் காட்டச் சொல்கிறது. எங்கள் பக்கத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது. நோகாத கட்டியை மாதக் கணக்காக வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, தோல் புண்ணான பிறகு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தன் மார்பகம் சாதாரணமாக எப்படி இருக்கும் என்று தெரிந்த பெண் மாற்றத்தை விரைவில் உணர்வாள், உணர்ந்தால் போவாள். நம்முடைய வேலை அந்த இடைவெளியைக் குறைப்பது.

ஆகவே கூட்டத்தில் இரண்டு வசனம் தெளிவாகச் சொல்லுங்கள். தட்டுப்பட்டால் உடனே காட்டுங்கள். ஒன்றும் தட்டுப்படாவிட்டாலும் வயதுக்கேற்ற கிளினிக்கை விட வேண்டாம். இரண்டாவது வசனத்தை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

5. எப்போது, எங்கே, கண்ணால் எப்படி

மாதவிடாய் நின்று மூன்று, நான்கு நாள் கழித்துப் பார்க்க வேண்டும். வருவதற்கு முந்திய வாரம் மார்பகம் வீங்கி, உருண்டை உருண்டையாகத் தட்டுப்படும், நோவும் இருக்கும். அந்த வாரம் பார்த்துப் பயந்துபோனவர்கள் அப்புறம் கை வைக்கவே மாட்டார்கள். மாதவிடாய் முற்றாக நின்றவர்களுக்கும் கருப்பை எடுத்தவர்களுக்கும் ஒரு திகதியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆச்சிமாருக்குப் பௌர்ணமி நாள் நன்றாக ஞாபகம் இருக்கும், நாட்காட்டி தேவையில்லை.

எங்கே பார்ப்பது என்பதையும் பேசுங்கள். புத்தகங்கள் ஷவருக்குக் கீழே நின்று பார்க்கச் சொல்லும். இங்கே பலர் கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு குளிக்கிறவர்கள். அங்கே நிதானமாகப் பார்க்க முடியாது. சவர்க்காரக் கையோடு கமக்கட்டை மட்டும் ஒருமுறை தடவிக்கொள்ளலாம். மீதியை இரவில், அறைக் கதவைச் சாத்திவிட்டு, பாயில் படுத்துச் செய்யச் சொல்லுங்கள்.

கண்ணால் பார்ப்பதற்கு வெளிச்சம் வேண்டும், ஆகவே அது பகலில். பெரிய கண்ணாடி இல்லாவிட்டால் முகக் கண்ணாடியைச் சுவரில் நெஞ்சளவில் சாய்த்துவைத்து, ஒரு பக்கம் பார்த்த பின் மறுபக்கம் திரும்பலாம். கைகளைத் தொங்கவிட்டு ஒருமுறை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஒருமுறை. இடுப்பில் கையூன்றி இறுக்கி அழுத்திக்கொண்டு ஒருமுறை. முன்னால் குனிந்து ஒருமுறை.

நிலையை மாற்றுவது ஏன் என்று கட்டாயம் கேட்பார்கள். உள்ளே கட்டி தோலையோ தசையையோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்தால், சும்மா நிற்கும்போது அது தெரியாது. கை தூக்கும்போது அல்லது நெஞ்சுத் தசை இறுகும்போது அந்த இடம் மட்டும் குழியும். இதை உங்கள் சட்டைத் துணியிலேயே காட்டலாம்: துணியின் ஒரு இடத்தை உள்ளிருந்து ஊசி நூலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்குங்கள்.

ஒரு மார்பகம் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பது சாதாரணம். பார்க்க வேண்டியது புதிதாக வந்த மாற்றத்தை: ஒரு இடத்தில் குழி, தோடம்பழத் தோல் போல் தடித்த புள்ளித் தோல், நேராக இருந்த முலைக்காம்பு உள்ளே இழுபடுவது, காம்பில் ஆறாத சொறி.

6. கையால் பார்ப்பது

கூட்டத்தின் நடுப்பகுதி முழுவதும் இதற்குத்தான். பாயை விரித்து நீங்களே படுத்து, சட்டைக்கு மேலால் செய்துகாட்டுங்கள். மற்ற யாருடைய மார்பையும் நீங்கள் தொடக் கூடாது. “தங்கச்சி, நீயே ஒருக்காப் பார்” என்று கேட்பார்கள். மறுத்துவிட்டுக் குடும்பநல உத்தியோகத்தரைக் காட்டுங்கள். பயிற்சி இல்லாத கை “ஒண்டும் இல்லை அக்கா” என்று சொல்லிவிட்டால், அந்த வார்த்தையை நம்பி அவர் ஒரு வருடம் இருந்துவிடுவார்.

இடது மார்பகத்தைப் பார்க்க: மல்லாக்கப் படுத்து, இடது தோளுக்குக் கீழே தலையணையை வைத்து, இடது கையைத் தலைக்குப் பின்னால் மடிக்க வேண்டும். மார்பகம் நெஞ்சுக்கூட்டின் மேல் பரந்து மெல்லிதாகும். நின்றுகொண்டு பார்த்தால் கீழ்ப்பகுதி மடிந்து கனமாக இருக்கும், அடியில் உள்ளது தட்டுப்படாது.

வலது கையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்து நீட்டுங்கள். தொட வேண்டியது விரல் நுனியால் அல்ல, நுனிக்குக் கீழே உள்ள மெத்தென்ற பகுதியால். நுனியால் குத்தினால் எல்லாமே கட்டி மாதிரித்தான் தெரியும். புதிதாகப் பழகுகிறவர்களின் மிகப் பொதுவான பிழை இதுதான். அடுத்த பிழை, மார்பகத்தைக் கைக்குள் பிடித்துப் பிசைவது. விரல்களுக்கிடையில் சதையைத் திரட்டிப் பிடித்தால் நல்ல சதையும் உருண்டையாகத்தான் வரும். பிடிக்கக் கூடாது, நெஞ்சுக்கூட்டை நோக்கி அழுத்த வேண்டும்.

ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குச் சின்ன வட்டமாக விரலைச் சுழற்றுங்கள். அதே இடத்தில் முதல் வட்டம் தோலை மட்டும் அசைக்கும் அளவுக்கு மெல்ல, இரண்டாவது கொஞ்சம் ஆழமாக, மூன்றாவது விலா எலும்பு தட்டுப்படும் வரை. அப்புறம் விரலை எடுக்காமல் ஒரு விரலகலம் நகர்த்துங்கள். எடுத்து எடுத்து வைத்தால் இடையில் இடம் தவறிப்போகும்.

பாதை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக நேர்வரிசையாகப் போக வேண்டும். வெங்காயப் பாத்தியில் களை பிடுங்கும்போது வரிசை பிடித்துத்தானே போகிறோம், அப்படி. கமக்கட்டுக்கு நேர்கீழே தொடங்கி நடு நெஞ்செலும்பு வரை, மேலே காறை எலும்பிலிருந்து கீழே மார்பகத்தின் அடிமடிப்புக்குச் சற்றுக் கீழ் வரை. சுற்றிச் சுற்றி வட்டமாகப் போகிற பழைய முறையில் கமக்கட்டுப் பக்கமும் காறை எலும்புக்குக் கீழும் விடுபடும். மார்பகப் புற்றில் ஏறக்குறையப் பாதி, கமக்கட்டை நோக்கிய மேல் வெளிப்பகுதியில்தான் வருகிறது. அங்கே அவசரப்படக் கூடாது.

கமக்கட்டைப் பார்க்கும்போது கையைத் தலைக்குப் பின்னால் வைத்திருந்தால் அந்த இடம் இறுகிவிடும். கையை இறக்கி, உடம்போடு சற்றுத் தளர்வாக வைத்துக்கொண்டு, விரலை உச்சிவரை விட்டுக் கீழே இழுத்துக்கொண்டு வர வேண்டும். காம்பைப் பிதுக்க வேண்டாம். பிதுக்கினால் நல்ல மார்பகத்திலும் ஒரு துளி வரலாம். தானாக, ஒரு பக்கத்தில் மட்டும், இரத்தமாகவோ தண்ணியாகவோ கசிந்து உட்சட்டையில் கறை பட்டால்தான் விஷயம்.

செய்துகாட்டிய பின் மாப் பைகளைக் கொடுங்கள். சுற்றிவந்து விரலைப் பாருங்கள், முகத்தை அல்ல. நுனியால் குத்துகிறவரின் விரலை மெதுவாகப் படுக்கவைத்துவிடுங்கள். முதல் சுற்றில் புளியங்கொட்டையைப் பலர் தவறவிடுவார்கள். விடை சொல்லாமல் இரண்டாம் சுற்றுக்கு விடுங்கள்.

7. சாதாரணமானவையும், செல் துண்டும்

மார்பகத்தின் அடிமடிப்பில் ஒரு தடித்த விளிம்பு பலருக்கும் இருக்கும், அது சாதாரணம். விலா எலும்பு அடியில் வரிசையாகத் தட்டுப்படும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது பெரும்பாலும் இயற்கையானது. இளம் பெண்களுக்கு வழுக்கி ஓடுகிற உருண்டைக் கட்டி வருவதுண்டு. பெரும்பாலும் தீங்கற்றதுதான். ஆனால் தீங்கற்றது என்று சொல்ல வேண்டியவர் வைத்தியர், நாங்களல்ல.

கவலைப்பட வேண்டிய கட்டி பெரும்பாலும் நோகாது. இதை இரண்டு முறை சொல்லுங்கள். “நோகேல்லைத்தானே” என்பதுதான் பிந்தி வந்தவர்கள் சொல்லுகிற முதல் காரணம்.

பால் கொடுக்கிற தாய்மார் பிள்ளை குடித்து முடித்த பின் பார்க்க வேண்டும். பால்கட்டு என்று மருந்து எடுத்தும் சிவப்பும் வீக்கமும் இரண்டு வாரத்தில் மாறாவிட்டால் திரும்பக் காட்ட வேண்டும்.

அடுத்தது வன்னிக்கென்று உள்ள விஷயம். 2009 போருக்குப் பிறகு உடம்பில் வெடித்த எறிகணையின் செல் துண்டோடு வாழ்கிற பெண்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள், சிலருக்கு நெஞ்சிலும் தோளிலும். அவர்களுக்குக் கையில் எது தட்டுப்பட்டாலும், “அது செல் துண்டு பிள்ளை, அப்பவே இருக்கு” என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் துண்டு இருக்கிற மார்பகத்திலும் புதுக் கட்டி வரும். அந்த இடத்தை ஒரு தாளில் படமாகக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்: எந்தப் பக்கம், காம்பிலிருந்து எத்தனை விரலகலம், எவ்வளவு பெரிது. அது வளர்ந்தாலோ, பக்கத்தில் இன்னொன்று தட்டுப்பட்டாலோ, மேல் தோல் குழிந்தாலோ காட்ட வேண்டும். இதுவரை ஒருமுறையாவது வைத்தியரிடம் காட்டாதவர் என்றால் மாற்றத்துக்குக் காத்திருக்காமல் இப்போதே காட்டட்டும்.

அவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை. ஸ்கானுக்கோ மமோகிராமுக்கோ துண்டு தடையில்லை, படத்தில் உலோகம் தெரியும். ஆனால் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால், உடம்பில் எங்கே துண்டு இருந்தாலும் முன்கூட்டியே சொல்லியே ஆக வேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் உலோகத்தை அசைக்கலாம். கேட்டால் சொல்லலாம் என்று இருக்கக் கூடாது.

இதைப் பேசும்போது மண்டபம் சற்று அமைதியாகிவிடும். யாருக்கு எங்கே என்று கேட்காதீர்கள். தகவலைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

8. கட்டி தட்டுப்பட்டால்: ஒருவரின் வழி, நாள் கணக்கோடு

இந்தப் பகுதியைக் கதையாகச் சொல்லுங்கள். ஆள் கற்பனை, படிகள் நடப்பவை. ஒட்டுசுட்டானுக்கு அங்கால் ஒரு கிராமம். வயது 46, இரண்டு பிள்ளைகள், கணவர் இல்லை, தோட்டக் கூலி. ஞாயிற்றுக்கிழமை இரவு இடது மார்பகத்தின் மேல் வெளிப்பக்கம் கடலை அளவில், நோகாத, அசையாத ஒன்று தட்டுப்படுகிறது.

அடுத்த மாதவிடாய் வரை பொறுக்கலாமா? மாதவிடாய்க்கு முன் மங்கலாக ஒரு தடிப்பு என்றால் அது முடிந்த பின் ஒருமுறை திரும்பப் பார்க்கலாம், அதற்கு மேல் இல்லை. இவருக்குத் தட்டுப்பட்டது தெளிவான கட்டி, வயதும் 40க்கு மேல். பொறுக்கக் கூடாது. புதன்கிழமை கிளினிக்குக்குப் போகிறார். அங்கே பரிசோதித்து, மாவட்ட வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக் கடிதம் கொடுக்கிறார்கள்.

அங்கே மூன்று பரிசோதனை நடக்கும்: வைத்தியர் கையால் பார்ப்பது, படம் எடுப்பது, ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது. இளவயதினருக்கு மார்பகத் திசு அடர்த்தி கூட என்பதால் முதலில் ஸ்கான். இவர் வயதில் மமோகிராமும் சொல்வார்கள். மூன்றும் ஒத்துப்போனால்தான் முடிவு சொல்வார்கள். “ஸ்கானில ஒண்டும் இல்லையாம்” என்று நடுவில் நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே இந்த மூன்றையும் விரல்விட்டு எண்ணிச் சொல்லுங்கள்.

அரச வைத்தியசாலையில் இவை இலவசம். ஆனால் பஸ் காசும் இழந்த நாட்கூலியும் இலவசம் அல்ல. இந்தப் பெண் எங்கே தடைப்படுவார் என்று கூட்டத்தினரிடமே கேளுங்கள், அவர்களே சொல்வார்கள். பெரும்பாலும் பயொப்சிக்கும் ரிப்போர்ட்டுக்கும் இடையில். துணுக்கு எடுத்தாகிவிட்டது, நோவு இல்லை, ரிப்போர்ட் எடுக்க இன்னொரு நாள் போக வேண்டும். அந்த நாள் தள்ளிக்கொண்டே போகும். அதனால் ஒவ்வொரு முறை வெளியே வரும் முன்னும் மூன்று கேள்வி கேட்கப் பழக்குங்கள்: அடுத்த திகதி எது? ரிப்போர்ட்டை எந்த இடத்தில் எடுப்பது? அதை யாரிடம் காட்டுவது? விடைகளைக் கிளினிக் கொப்பியிலேயே எழுதுவிக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் முதல் காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் என்னவென்று முடிவாக வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. அதைக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமையிலிருந்து 60ஆம் நாளை நாட்காட்டியில் வட்டமிடட்டும். அந்த நாள் நெருங்கியும் முடிவு தெரியாவிட்டால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குத் திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும்.

புற்று என்று முடிவானால் வடக்கில் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மகரகமைக்குத்தான் போக வேண்டும் என்று நினைத்துக் கைவிடுகிறவர்கள் இருப்பதால் இதைச் சொல்லியே தீருங்கள்.

9. வெளியே வராத பயங்கள்

கேள்வி இருக்கிறதா என்று கேட்டால் யாரும் வாய்திறக்க மாட்டார்கள். கடதாசித் துண்டு கொடுத்துப் பெயரில்லாமல் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்திலிருப்பவர் எழுதினால் அந்தரங்கம் போய்விடும். அவர் குடும்பநல உத்தியோகத்தரிடம் காதோடு சொல்லட்டும்.

ஊசி, கத்தி வைத்தால் பரவும் என்ற பயம் கட்டாயம் வரும். ஊசி போட்டதால் நோய் பரவியது என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் பிந்தி வந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு நோய் ஏற்கெனவே பரவியிருந்தது. ஊசிச் சோதனை இல்லாமல் என்ன சிகிச்சை என்று முடிவெடுக்க முடியாது.

மார்பகத்தை வெட்டிவிடுவார்கள் என்பது அடுத்தது. கட்டி சின்னதாக இருக்கும்போது பலருக்குக் கட்டியையும் சுற்றியுள்ள கொஞ்சத்தையும் மட்டும் எடுத்துவிட்டு கதிர்ச் சிகிச்சை கொடுக்கலாம். எல்லோருக்கும் இது முடியாது, வைத்தியர்தான் சொல்வார். ஆனால் பிந்தப் பிந்த இந்தத் தெரிவு இல்லாமல் போகும்.

மகளின் கலியாணம் தடைப்படும் என்று மறைப்பவர்களிடம் வாதாடாதீர்கள். பெரும்பாலான மார்பகப் புற்று பரம்பரையாக வருவதில்லை என்பதைச் சொல்லுங்கள். தாய், சகோதரிக்கு இளவயதில் வந்திருந்தால் மட்டும் அதை கிளினிக்கில் முதலிலேயே சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று ஆறுதல்பட்டு இருப்பவர்களுக்கும் இதே விடைதான்.

10. தொண்ணூறு நிமிடத்தின் ஒழுங்கு

கிளினிக் நாளும் வழியும்: 10 நிமிடம். கிளினிக் விபரத் துண்டைத் தொடக்கத்திலேயே கொடுங்கள், இடையில் எழுந்து போகிறவரும் அதை எடுத்துக்கொண்டு போவார்.
எதற்காகப் பார்க்கிறோம், எந்த அளவுக்கு நம்பலாம்: 10.
கண்ணால் பார்ப்பது: 10.
கையால் பார்ப்பது, செய்துகாட்டி: 15.
மாப் பையில் பயிற்சி, இரண்டு சுற்று: 20.
சாதாரணமானவை, செல் துண்டு: 5.
நாள் கணக்குக் கதை: 10.
துண்டில் வந்த கேள்விகள்: 10.

நேரம் போதாவிட்டால் கண்ணால் பார்ப்பதைச் சுருக்குங்கள். மாப் பையையும் நாள் கணக்குக் கதையையும் வெட்ட வேண்டாம். தேநீரை முடிவில் வையுங்கள். தேநீரோடு எழுந்து நிற்கும் நேரத்தில்தான் ஒருவர் உங்களை ஓரமாகக் கூப்பிடுவார், அப்போது கோப்பை கழுவப் போய்விடாதீர்கள்.

11. கூட்டம் முடிந்த பின்

தட்டுப்பட்டதாகச் சொன்னவர்களின் விபரம் குடும்பநல உத்தியோகத்தரின் கொப்பியில் மட்டும் இருக்கட்டும். சங்கத்தின் வரவுப் புத்தகத்தில் எழுதினால் அது ஊர் முழுக்கப் போகும், அடுத்த கூட்டத்துக்கு யாரும் வாய்திறக்க மாட்டார்கள்.

யார் கூடப் போவது என்பதை அன்றைக்கே பேசி முடியுங்கள். தனியே போகிறவர் பஸ் தரிப்பிடத்திலிருந்தே திரும்பி வந்துவிடுவதுண்டு. சங்கத்திலிருந்து ஒருவர் கூடப் போய், கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, பழைய ரிப்போர்ட், குடிக்கிற மருந்துகள் எல்லாம் பையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து, கிளினிக்குக்குப் போனார்களா என்று உத்தியோகத்தரிடம் கேளுங்கள். பெயர் கேட்க வேண்டாம், எத்தனை பேர் என்று மட்டும் கேட்டால் போதும். போகாதவர் வீட்டுக்கு அவர் வழக்கமாகப் பிள்ளை நிறுக்க வருகிற நாளில் போய்ப் பேசுவார். நீங்கள் போய் நின்றால் அயலுக்குக் காரணம் தெரிந்துவிடும்.